செய்திக்குறிப்பைச் சீரமைத்தல்: இருப்பதை அடுக்குவதா, முகப்பைப் புதிதாக எழுதுவதா, இரு மொழிக்கு இரு பிரதியா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இயங்கும் சிறு அமைப்புகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுப்பதில் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். வாசகசாலைகள், பால் சங்கங்கள், கோயில் திருப்பணிக் குழுக்கள் ஆகியோர் வரைவைக் கொண்டுவந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எழுதியதை அப்படியே வைத்து முன்பின் மாற்றினால் போதுமா, புதிதாக எழுத வேண்டுமா, கோவைப் பத்திரிகைக்கும் பாலக்காட்டுப் பத்திரிகைக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா? மூன்றுக்கும் உரிய இடம் உண்டு. எது எங்கே பொருந்தும் என்பதை ஒரே வரைவை எடுத்துக்கொண்டு இங்கே பார்க்கலாம்.

செய்திக்குறிப்புக்கு ஆறு பகுதிகள்: தலைப்பு, ஊரும் தேதியும் சொல்லும் டேட்லைன், செய்தியின் சாரத்தை முதலிலேயே சொல்லும் முகப்புப் பத்தி, மேற்கோள், அமைப்பைப் பற்றிய மாறாத பத்தி, தொடர்பு விவரம். மாறாத பத்தி என்பது ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அதே சொற்களில் வருவது. இதை அமைப்புக் குறிப்பு என்று இங்கே அழைக்கிறேன்.

## கையில் வந்த வரைவு

ஒரு வாசகசாலை நடத்தும் கண் சிகிச்சை முகாமுக்கான வரைவு இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> அன்புடையீர், வணக்கம். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். அந்தச் சிரசுக்கோ கண்ணே பிரதானம். கடந்த பல ஆண்டுகளாக நற்பணிகள் பல ஆற்றிவரும் எங்கள் வாசகசாலையும், கோவையின் பிரபல கண் மருத்துவமனையும் இணைந்து, பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில், வார்டு உறுப்பினர்கள் முன்னிலையில், சமூக ஆர்வலர்கள் வாழ்த்துரை வழங்க, தை மாதம் கடைசி ஞாயிறு அன்று மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம் நடத்த உள்ளோம். கண்புரை உள்ளவர்கள் கோவைக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். ஆதார் அட்டை கொண்டு வரவும். பொதுமக்கள் அனைவரும் வந்து பயனடையுமாறு தலைவரும் செயலாளரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

இது அழைப்பிதழ் நடை. மண்டப வாசலில் கையில் கொடுத்தால் நல்ல அழைப்பிதழ்தான். செய்தி மேசைக்கு அனுப்பினால், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எது இலவசம், எத்தனை நாள் வீட்டைவிட்டு இருக்க வேண்டும் என்னும் நான்கு கேள்விகளுக்கும் இதில் விடை இல்லை.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

முதல் அளவுகோல் வெட்டு. பத்திரிகையில் இடம் குறைந்தால் துணை ஆசிரியர் அடியிலிருந்துதான் வெட்டுவார். ஒரு தாளை எடுத்து, முதல் இரண்டு பத்திகள் மட்டும் தெரியும்படி கீழே உள்ளதை மூடிப் பாருங்கள். அதை மட்டும் படித்தவர் முகாமுக்குச் சரியான நேரத்தில், சரியான பொருள்களோடு வந்து சேர முடிந்தால் குறிப்பு தேறிவிட்டது.

இரண்டாவது, ஒவ்வொரு சொல்லும் யாருடையது என்பதில் தெளிவு. மேற்கோள் குறிக்குள் இருப்பதை அந்த நபர் சொல்லியிருக்க வேண்டும், அச்சில் வருவதற்கு ஒப்புக்கொண்டும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லையைத் தாண்டினாலும் பொருள் மாறாமை. வாளையாறுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் துணை ஆசிரியருக்கு ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் அதே பொருளைத் தர வேண்டும். நான்காவது, செலவாகும் நேரம். இதில் எழுதும் நேரத்தைவிட, பலரிடம் கேட்டு உறுதிசெய்யும் நேரம்தான் பெரியது.

## வழி ஒன்று: இருக்கும் வாக்கியங்களை அடுக்கி மாற்றுதல்

வரைவில் உள்ள வாக்கியங்களை வெட்டி, அந்தந்தப் பகுதியில் ஒட்டுவது இந்த வழி. அரை மணி நேரத்தில் முடியும். எழுதியவர் மனம் நோகாது, புதுச் சொல் எதுவும் சேராததால் யாரிடமும் மறுபடி ஒப்புதல் வாங்கவும் வேண்டாம்.

வரைவில் எங்காவது ஓரிடத்தில் யார், என்ன, எப்போது, எங்கே என்ற நான்கையும் சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தால் மட்டுமே இது செல்லும். ஆண்டுப் பொதுக்குழு அறிவிப்பு, நிர்வாகிகள் தேர்வு, கட்டண மாற்றம் போன்றவற்றில் அந்த வாக்கியம் பெரும்பாலும் இருக்கும், நான்காவது பத்தியில் புதைந்து கிடந்தாலும் எடுத்து மேலே வைத்துவிடலாம்.

நம் வரைவில் அந்த வாக்கியம் இல்லை. இருப்பது போலத் தோன்றுவது ‘கடந்த பல ஆண்டுகளாக’ என்று தொடங்கும் வாக்கியம்; அதில்தான் தமிழ் வாக்கிய அமைப்பே நமக்கு எதிராக வேலை செய்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. தலைமையில், முன்னிலையில், வழங்க என்று எத்தனை பேரை வேண்டுமானாலும் அதற்கு முன்னால் அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. படிப்பவர் ‘முகாம் நடத்த உள்ளோம்’ என்ற செய்தியை அடைவதற்குள் ஐந்து பேரைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. இந்த வாக்கியத்தைத் தூக்கி முதலில் வைத்தால் இடம்தான் மாறும், சுமை குறையாது.

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. ‘தை மாதம் கடைசி ஞாயிறு’ என்பதை மாற்றாமல் ஒட்டினால், துணை ஆசிரியர் நாள்காட்டியைப் புரட்ட வேண்டும். மலையாள மேசைக்கு அது மகர மாதம். தமிழ் மாதப் பிறப்பும் மலையாள மாதப் பிறப்பும் சில மாதங்களில் ஒருநாள் விலகுவதால் நாள் எண்ணும் ஒத்துவராமல் போகலாம். பிப்ரவரி 8, ஞாயிறு என்று எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வரைவை அப்படியே ஒட்டினால் மின்னஞ்சலில் எழுத்துகள் சிதறிப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும்.

## வழி இரண்டு: முகப்புப் பத்தியைப் புதிதாக எழுதி, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்தல்

இந்த வழியில் வரைவு ஒரு தகவல் மூட்டை மட்டுமே. அதை ஓரமாக வைத்துவிட்டு, விடுபட்ட நான்கு கேள்விகளையும் செயலாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை. பரிசோதனை, அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், உணவு, பேருந்துப் பயணம் எல்லாமே இலவசம். தேர்வானவர்கள் அன்றே கோவைக்குப் போய் இரண்டு இரவு தங்க வேண்டும். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

அதன் பிறகு முகப்பை எழுதினேன்.

> கொழிஞ்சாம்பாறையில் பிப். 8-இல் இலவசக் கண்புரை முகாம்
>
> கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம்), பிப். 3: கொழிஞ்சாம்பாறை வாசகசாலை வளாகத்தில் இலவசக் கண்புரைப் பரிசோதனை முகாம் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை நடைபெறுகிறது. அறுவை சிகிச்சைக்குத் தேர்வாகிறவர்கள் அன்றே கோவைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுவார்கள். சிகிச்சை, லென்ஸ், உணவு, பயணம் அனைத்தும் இலவசம்.
>
> கோவையில் இரண்டு இரவு தங்க வேண்டியிருப்பதால் மாற்றுடை, ஆதார் நகல், வீட்டில் ஒருவரின் கைப்பேசி எண், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைக் கொண்டு வர வேண்டும். முன்பதிவுக்கு: (எண்).

முகப்பு மூன்று வாக்கியங்களாகப் பிரிந்ததைக் கவனியுங்கள். வினைமுற்று விரைவாக வர வேண்டுமென்றால் தமிழில் வாக்கியத்தைப் பிரிப்பது ஒன்றே வழி. ‘மாபெரும்’, ‘பிரபல’ என்ற சொற்களைத் துணை ஆசிரியர் எப்படியும் அடித்துவிடுவார் என்பதால் நானே எடுத்துவிட்டேன். பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் நான்காம் பத்திக்குப் போனார்கள். இதைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி விளக்கிவிடுவது நல்லது. அழைப்பிதழில் அவர்கள் பெயர்கள் முன்னால்தான் இருக்கும், பத்திரிகைக்குப் போவதில் மட்டும் பின்னால் வரும் என்றதும் அவர் ஒப்புக்கொண்டார்.

### மேற்கோள்

‘அனைவரும் வந்து பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறார்கள்’ என்பது மேற்கோள் ஆகாது. அது யாருடைய வாயிலிருந்தும் வந்த சொல் அல்ல. முகப்பு சொல்ல முடியாத ஒன்றை மேற்கோள் சொல்ல வேண்டும்: ஏன் என்பதை, அல்லது பட்டறிவை. “போன தடவை என்ன சிக்கல் வந்தது?” என்று கேட்டேன். செயலாளர் சொன்னது அப்படியே மேற்கோளாயிற்று.

> வாசகசாலைச் செயலாளர் (பெயர்) கூறியதாவது: “சென்ற முறை தேர்வான சிலர், வீட்டில் சொல்லாமல் வந்துவிட்டோம் என்று பேருந்தில் ஏறாமல் திரும்பிப் போனார்கள். இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டு, துணிமணியோடு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.”

‘கூறியதாவது’ என்று பேசியவரை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘என்று அவர் கூறினார்’ என்று பத்தியின் முடிவில் வைத்தால், கடைசி வரியை வெட்டும்போது பேசியவர் பெயரே போய்விடும். அப்புறம் அந்தச் சொற்கள் யாருடையவை என்பதற்கு அச்சில் ஆதாரம் இருக்காது. மேற்கோளை எழுதி முடித்ததும் அவருக்குத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினேன்.

இந்த வழியின் செலவு நேரம்தான். எழுத ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் செயலாளரைப் பிடிக்கவும், அவர் மருத்துவமனையில் கேட்டுத் திரும்பச் சொல்லவும் ஒரு நாள் முழுதும் போனது. முகாமுக்கு முந்தைய நாள் மாலையில் வரைவோடு வருகிறவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது முதல் வழியில் அடுக்கிவிட்டு, தேதி, நேரம், இடம் மூன்றையும் தலைப்புக்குக் கீழே ஒரு தனி வரியாகச் சேர்த்து அனுப்புவதே நடைமுறை.

## வழி மூன்று: தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனிப் பிரதி

எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கோவைப் பதிப்பு நாளிதழ்களையும் படிக்கிறார்கள், பாலக்காட்டுப் பதிப்பு மலையாள நாளிதழ்களையும் படிக்கிறார்கள். இரண்டிலும் வர வேண்டுமென்று ஆசைப்படுவது இயல்பே. தமிழ்ப் பிரதியை முடித்துவிட்டு அதை வரிக்கு வரி மலையாளத்தில் மாற்றச் சொல்லி ஒருவரிடம் கொடுப்பதே பலர் செய்யும் தவறு. ஆறு பகுதிகளில் எவை மாற வேண்டும், எவை மாறக் கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

முகப்பும் மேற்கோளும் உள்ளடக்கத்தில் மாறக் கூடாது. முகப்பில் ஒன்றும் மேற்கோளில் ஒன்றுமாக இரு பத்திரிகைகளில் இரு விவரங்கள் வந்தால், முகாமன்று வாசலில் வாக்குவாதம் வரும். தலைப்பும் ஏறத்தாழ அதேதான். டேட்லைன், அமைப்புக் குறிப்பு, தொடர்பு விவரம் ஆகிய மூன்றும் கட்டாயம் மாற வேண்டும்.

டேட்லைனில் நானே அடிபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பை ‘சித்தூர், நவ. 10:’ என்று தொடங்கினேன். எங்களுக்குச் சித்தூர் என்றால் தாலுகாத் தலைநகர்; பக்கத்தில் இருக்கும் ஊர். தமிழ் மேசையில் இருந்தவருக்கு அது ஆந்திரச் சித்தூர். செய்தி ஒரு நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் வந்தது. குடியாத்தத்திலிருந்து இரண்டு பேர் தொடர்புகொண்டு வழி கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது. தவறு என்னுடையதுதான். மலையாளப் பிரதியில் இந்தக் குழப்பம் வராது; பாலக்காட்டு மேசைக்குச் சித்தூர் என்றால் இந்தப் பக்கத்து ஊர்தான். தமிழ்ப் பிரதியில் மட்டும் ‘சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)’ என்று எழுத வேண்டும். மீனாட்சிபுரத்துக்கும் இதுவே பொருந்தும். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. வடிவத்திலும் வேறுபாடு இருக்கிறது. தமிழ் நாளிதழ்கள் சிலவற்றின் வழக்கப்படி ஊருக்குப் பின் தேதியும் முக்காற்புள்ளியும் வைக்கிறோம். மலையாள நாளிதழ்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு நின்றுவிடுகிறது. அங்கே தேதியைக் குறிப்பின் உச்சியில் தனியாக எழுதிவிடுங்கள்.

அமைப்புக் குறிப்பில் மாறுவது படிப்பவரின் முன்னறிவு. கேரள மாநில நூலக கவுன்சிலின் இணைப்பு பெற்ற வாசகசாலை என்றால் மலையாள வாசகருக்கு அதன் தரமும் நிதியும் விளங்கிவிடும். கோவை வாசகருக்கு அது எதையும் சொல்லாது. எனவே தமிழ்ப் பிரதியில் ‘உள்ளூர் மக்கள் உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும், தமிழ், மலையாளம் இரண்டிலும் நூல்கள் கொண்ட பொது நூலகம்’ என்று விரித்தோம். தொடங்கிய ஆண்டைப் பதிவுச் சான்றிதழைப் பார்த்தே எழுத வேண்டும். ‘பல ஆண்டுகளாக’ என்பது நீங்க வேண்டிய சொல். அதே பத்தி அடுத்தடுத்த குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரப்போவதால், ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் போதும்.

மேற்கோளை மொழிமாற்றினால் பேசியவரிடம் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் செயலாளருக்கு இரண்டு மொழியும் தெரியும். ‘வீட்டில் சொல்லிவிட்டு’ என்பது மலையாளப் பிரதியில் வீட்டாரின் அனுமதி வாங்கிக்கொண்டு என்ற பொருளில் வந்திருந்தது. அவர் உடனே பிடித்துவிட்டார். அனுமதி வேண்டாம், தகவல் போதும் என்பதே அவர் கருத்து. தனியாக வாழும் முதியவர் ஒருவர் அந்த அனுமதியைப் படித்துவிட்டு முகாமுக்கே வராமல் போயிருக்கலாம்.

மூன்றாம் வழியின் உண்மையான செலவு இந்த இரட்டைச் சரிபார்ப்புதான். திருத்தம் எதுவானாலும் இரண்டிலும் செய்ய வேண்டும். நேரம் 8.30-லிருந்து 9 ஆனால், ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது எளிது. இரு மொழியும் நன்கறிந்த ஒருவர் பொறுப்பேற்காவிட்டால், தமிழ்ப் பிரதியை மட்டும் நன்றாகச் செய்து அனுப்புவதே மேல். மலையாள மேசைக்கு அவர்களுடைய பகுதிச் செய்தியாளர் வழியாகத் தகவலை வாய்மொழியாகச் சொல்லிவிடலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | அடுக்குதல் | முகப்பைப் புதிதாக எழுதுதல் | இரு பிரதி |
|---|---|---|---|
| அடியில் வெட்டினால் | வரைவைப் பொறுத்தது | தாங்கும் | இரண்டும் தாங்கும் |
| மேற்கோள் ஒப்புதல் | தேவையில்லை | ஒருமுறை | இருமுறை |
| எல்லை தாண்டினால் | குழப்பம் வரலாம் | டேட்லைனைக் கவனித்தால் போதும் | மிகத் தெளிவு |
| நேரம் | அரை மணி | ஒரு நாள் | இரண்டு நாள் |
| பொருந்தும் இடம் | உள்ளூர் நிர்வாகச் செய்தி, அவசரம் | மக்கள் வந்து சேர வேண்டிய நிகழ்ச்சி | இருபுற மக்களும் வர வேண்டிய நிகழ்ச்சி |

கண் முகாமுக்கு நாங்கள் இரண்டாவதை அடித்தளமாக்கி, மூன்று பகுதிகளை மட்டும் மாற்றி மலையாளப் பிரதியும் செய்தோம். ஒரு வாரம் கையில் இருந்ததால் அது முடிந்தது.

## தொடர்பு விவரம்: மூன்று வழிகளிலும் தவறக்கூடியது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பகுதியை நீங்களே கடைசியாகப் பாருங்கள். செய்தியாளர் விவரம் கேட்பதற்கான எண்ணும், நோயாளி முன்பதிவு செய்வதற்கான எண்ணும் வேறு வேறு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் செய்தியாளருக்கான எண் அச்சில் ஏறிவிடும், தலைவரின் சொந்தக் கைப்பேசி நாள் முழுதும் அடிக்கும். முன்பதிவு எண்ணை இரண்டாம் பத்தியில் வைத்தோம். குறிப்பு முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே ‘செய்தியாளர்களுக்கு மட்டும், வெளியிட வேண்டாம்’ என்று எழுதி மற்றதைத் தந்தோம். அங்கே இருவர் பெயர்: ஒருவர் தமிழில் பேசுவார், மற்றவர் மலையாளத்தில். எந்த நேரம் எடுப்பார்கள் என்பதும் கூடவே. முகாமன்று மேடையில் இருக்கப்போகிறவர் பெயரை இங்கே போடக் கூடாது. தரைவழி எண் கொடுப்பதானால் பாலக்காட்டுக்கு 0491, கோவைக்கு 0422 என்ற முன்னெண்ணைச் சேர்க்காமல் எழுதினால் மறுபக்கத்திலிருந்து யாராலும் அழைக்க முடியாது.

அனுப்புவதற்கு முன் இரண்டு எண்களையும் நானே அடித்துப் பார்த்தேன். முன்பதிவு எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தது. தமிழ், மலையாளம் இரண்டு பிரதிகளிலும் அதைத் திருத்திய பிறகுதான் மின்னஞ்சல் போனது.